மறைந்தவர் படம் "இதே நாளில்" என்று வந்து நிற்கிறது: எப்படித் தேர்கிறது, எப்படி நிறுத்துவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்க அப்பா போய் வருசம் ஆச்சுங்க. சும்மா கிடந்த போன் திடீர்னு அவர் படத்தைப் பாட்டுப் போட்டுக் காட்டுது. எதை வெச்சு இதை எடுக்குது?

முதலில் தேதி. இன்றைய நாளும் மாதமும் எந்தப் பழைய படத்தோடு, எந்தப் பழைய பதிவோடு பொருந்துகிறதோ அவற்றையெல்லாம் ஒரு கூடையில் சேர்க்கும். அப்புறம் அந்தக் கூடையிலிருந்து பொறுக்கும். பொறுக்குவதற்குப் போட்டோ ஆப் முகத்தைப் பார்க்கிறது. உங்கள் போனில் அடிக்கடி வரும் முகம் என்றால் அவர் உங்களுக்கு வேண்டியவர் என்று கணக்கு. பேஸ்புக் மாதிரியான இடங்களில் முகத்துக்குப் பதில் யார் டேக் செய்யப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் கமெண்ட் எழுதினார்கள் என்பது கணக்கு.

இதில் எங்கேயும் "இது நல்ல நாளா, கெட்ட நாளா" என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடையாது. தேதி தெரியும், முகம் தெரியும், எண்ணிக்கை தெரியும். மாலை போட்டு நடுவீட்டில் வைத்த படமும் கல்யாண மாலையோடு நிற்கும் படமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் தெளிவான முகம் இருக்கிறது, பூ இருக்கிறது, சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற வருகிறவர்கள் கிளம்பும்போது, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இந்தப் படம் வராம பண்ண முடியுங்களா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

வருசக் கடைசியில "இந்த ஆண்டு உங்களுக்கு எப்படி இருந்தது"ன்னு ஒண்ணு வருதே. அதுல சாவுப் படத்தைப் போய் முதல்ல வைக்குமா?

வைத்திருக்கிறது. 2014 டிசம்பரில் பேஸ்புக்கின் ஆண்டுத் தொகுப்பு வசதியில் நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எரிக் மேயர் என்பவர் அமெரிக்காவில் இணையப் பக்க வடிவமைப்பில் பேர் பெற்றவர். அவருடைய மகள் ரெபெக்கா மூளைப் புற்றுநோயால் அந்த வருடம் ஜூனில், தன் ஆறாவது பிறந்தநாள் அன்றே இறந்துபோனாள். வருடக் கடைசியில், "உங்கள் ஆண்டு இப்படி இருந்தது" என்ற அட்டையில் அந்தக் குழந்தையின் முகத்தை வைத்து, சுற்றிலும் ஆடிப்பாடும் பொம்மைகளைப் போட்டு அவருக்கே காட்டியது பேஸ்புக். அவர் அந்தத் தொகுப்பைக் கேட்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. டிசம்பர் 24 அன்று இதைப் பற்றி எழுதினார். அந்த வசதிக்குப் பொறுப்பானவர் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

மேயர் கேட்டது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பார்க்க விருப்பமா என்று முதலில் கேள், சரி என்று சொன்ன பிறகு படத்தை எடுத்து வை என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஆண்டுத் தொகுப்பில் இப்படி ஆவதற்குக் காரணம் அந்த எண்ணிக்கைதான். நம் ஊரில் தோட்டத்தில் மஞ்சள் வெட்டிய படத்தைப் போட்டால் 20 லைக் வரும். அப்பா காலமானார் என்று போட்டால் 300 பேர் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதுவார்கள். அந்த வருடத்தில் உங்கள் கணக்கில் அதிகம் பேர் வந்து நின்ற பதிவு அதுவாகவே இருக்கும். 2016 பிப்ரவரிக்கு முன்பு பேஸ்புக்கில் சோக முகம் போடும் வசதியே இல்லை, லைக் மட்டும்தான். அதனால் அதற்கு முந்தைய இரங்கல் பதிவுகளில், கட்டைவிரல் குறியை மட்டும் பார்த்தால் கல்யாணப் பத்திரிகைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது.

எங்க அப்புச்சி படம் 1998ல எடுத்ததுங்க, பொள்ளாச்சி ஸ்டூடியோவுல. அது ஏன் வருசா வருசம் மே மாசம் வந்து நிக்குது?

அந்தப் படத்துக்குப் போன் கொடுத்திருக்கும் தேதி 1998 அல்ல. அவர் இறந்த சமயத்தில் யாரோ ஆல்பத்தைத் திறந்து, அந்தப் படத்தைப் போனில் படம் பிடித்து, பிளக்ஸ் அடிக்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அது சொந்தக்காரர்கள் குரூப் முழுக்கச் சுற்றி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். வாட்ஸ்அப் ஒரு படத்தை அனுப்பும்போது கேமரா எழுதிவைத்த பழைய தேதியை எடுத்துவிடும். வந்து சேர்ந்த தேதிதான் அதன் பெயரிலேயே இருக்கும்:

```
IMG-20210522-WA0031.jpg
```

20210522 என்றால் 2021 மே 22. போட்டோ ஆப்புக்கு அது 2021 மே 22 அன்று பிறந்த படம். அப்புச்சி அதில் கறுப்பு மீசையோடு இருந்தாலும் சரி, அது துக்க வீட்டுப் படங்களின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால், கூகுள் போட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். தேதியும் கோப்பின் பெயரும் கீழே வரும். பெயரில் WA என்று இருந்தால் வாட்ஸ்அப்பில் வந்த படம். அதே இடத்தில் தேதியைத் தொட்டால் திருத்தவும் முடியும். ஸ்டூடியோ படத்துக்கு வருடத்தை 1998 என்றும், நாளையும் மாதத்தையும் அது எடுத்த சமயத்துக்கு ஏற்றபடியும் மாற்றிவிட்டால் அது மே மாதத் துக்கப் படங்களை விட்டு விலகி, அதற்குரிய பழைய இடத்துக்குப் போய்விடும். நாலைந்து நல்ல படங்களுக்காவது இதைச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். படமும் பத்திரமாக இருக்கும், தவறான நாளில் வந்தும் நிற்காது.

சரிங்க, கூகுள் போட்டோஸ்ல எப்படி நிறுத்தறது? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.

நம்பியூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். அவருக்குச் செய்ததையே சொல்கிறேன்.

அவருடைய அப்பாவை 2021 மே 9 அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மே 22 அன்று இறந்தார். ஜூன் 6 பதினாறாம் நாள் காரியம். ஊரடங்கு நேரம், பத்துப் பேர்கூட வர முடியவில்லை. வர முடியாதவர்கள் எல்லோரும் படமும் வீடியோவும் கேட்டார்கள், இருந்தவர்கள் எடுத்து அனுப்பினார்கள். அதனால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் அவர் போனில் 400 படங்களுக்கு மேல். வருடம் தவறாமல் மே மாதம் வந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும் என்றார். ஆனால் அப்பாவை மொத்தமாக மறைத்துவிடவும் மனமில்லை. மகளுக்குக் காது குத்தும்போது அவர் மடியில் உட்கார வைத்த படம் இருக்கிறது. அது வந்தால் சந்தோஷம்தான் என்றார்.

இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்த ஆப்பில் மறைப்பதற்கு இரண்டு வழி: ஆளை மறைக்கலாம், இல்லையென்றால் நாட்களை மறைக்கலாம். ஆளை மறைத்தால் அவர் முகம் உள்ள எந்தப் படமும் நினைவுகளில் வராது. காது குத்துப் படமும் போய்விடும், அவர் ஓரமாக நிற்கும் குடும்பப் படமும் போய்விடும். நாட்களை மறைத்தால் அந்தக் காலத்துப் படங்கள் மட்டும் வராது. அந்த அக்காவுக்கு நாட்களை மறைப்பதுதான் பொருத்தம். நான் பார்த்தவரை பெரும்பாலோருக்கும் அப்படித்தான். நோக வைப்பது அந்த முகம் அல்ல, அந்த இருபது முப்பது நாட்கள்.

செய்த முறை இது. ஆப்பைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள நம் படத்தைத் தொட்டோம். `Photos settings`, அதற்குள் `Preferences`, அதற்குள் `Memories`. அங்கே `Hide people & pets`, `Hide dates` என்று இரண்டு இருக்கும். `Hide dates`-ஐத் தொட்டு, தொடக்கத் தேதி 2021 மே 9, முடிவுத் தேதி 2021 ஜூன் 10 என்று கொடுத்தோம். காரியத்தோடு நிறுத்தாமல் நான்கு நாள் கூட்டிக்கொண்டதற்குக் காரணம், காரியப் படங்கள் குரூப்பில் அடுத்த சில நாட்களும் வந்துகொண்டே இருந்தன. வாட்ஸ்அப் படங்களுக்கு வந்த தேதிதான் தேதி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவுத் தேதியைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

அடுத்த வருடம் தெவசத்துக்கு எடுத்த படங்கள் வேறு தேதியில் இருந்தன. அதற்கு இன்னொரு வரம்பு சேர்த்தோம். அவ்வளவுதான். படம் எதுவும் அழியவில்லை. வேண்டுமென்றபோது தேடினால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வரம்பை நீக்கினால் நினைவுகளிலும் திரும்ப வரும். ஆப் அப்டேட் ஆகும்போது இந்தச் சொற்கள் கொஞ்சம் இடம் மாறலாம். `Memories` என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைத்துவிடும்.

நான் ஆளையேதான் மறைச்சேன். அப்பவும் அப்பாரு படம் வந்துட்டேதான் இருக்கு, ஏனுங்க?

ஒரே ஆளை ஆப் இரண்டு மூன்று ஆட்களாகப் பிரித்து வைத்திருக்கும். உருமால் கட்டிய அப்பாரு ஒருவர், கட்டாத அப்பாரு இன்னொருவர், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பாரு மூன்றாமவர். நீங்கள் மறைத்தது அதில் ஒருவரை மட்டும்.

அதனால் முதலில் ஒன்று சேர்க்க வேண்டும். ஆட்கள் முகம் வட்டம் வட்டமாக வரும் பக்கத்துக்குப் போய், அப்பாரு முகம் எத்தனை வட்டத்தில் இருக்கிறது என்று கடைசி வரை தள்ளிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கொடுங்கள். இருவரும் ஒருவர்தானா என்று ஆப் கேட்கும், ஆமாம் என்று சொன்னால் இணைத்துவிடும். இணைத்த பிறகு `Hide people & pets`-இல் அந்த ஒரு முகத்தைத் தேர்ந்தால் போதும்.

அப்படிச் செய்தும் சில படம் வரும். முகம் திரும்பியிருக்கும் படம், துணி மூடிய படம், தூரத்தில் எடுத்த ஊர்வலம் இவற்றில் முகம் பிடிபடாது. ஆனால் சந்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸைப் படம் எடுத்திருந்தால், அதில் உள்ள முகத்தையும் பல சமயம் நிஜ ஆள் மாதிரியே அடையாளம் கண்டுகொள்ளும். முகம் பிடிபடாத படங்களுக்கு நாட்களை மறைப்பதுதான் வழி. ரொம்பவும் வேதனை கொடுக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

`Hide people & pets`-இல் முகமே எதுவும் வரவில்லை என்றால், முகங்களைச் சேர்த்து வைக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கும். அதே `Preferences` பகுதியில் `Group similar faces` என்று இருக்கும். அது ஓடினால்தான் ஆளை மறைக்க முடியும்.

பேஸ்புக்குலயும் இதே மாதிரிதானுங்களா?

வழி அதே மாதிரி, உள்ளே வேலை செய்வது வேறு. மெனுவில் `Memories`-ஐத் திறந்து மேலே உள்ள பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். கம்ப்யூட்டரில் என்றால் `facebook.com/memories`. அங்கே `Hide People`, `Hide Dates`, `Notifications` இருக்கும். தேதிக்கு ஒரே நாளும் கொடுக்கலாம், வரம்பும் கொடுக்கலாம். ஆளை மறைத்தால் அவருக்கோ அவர் வீட்டாருக்கோ தகவல் எதுவும் போகாது. ஆகவே அந்தச் சங்கடம் வேண்டாம்.

இதைத் தொடங்கியது 2015இல், `On This Day` என்ற பெயரில். 2018இல் `Memories` என்று விரித்தார்கள். உங்கள் பதிவுகள் மட்டுமல்ல, மற்றவர்கள் உங்களை டேக் செய்த பதிவுகளும் அதில் வரும். சித்தப்பா மகன் போட்ட சவ ஊர்வல வீடியோவில் உங்களை டேக் செய்திருந்தால் அதுவும் உங்கள் நினைவுதான். அந்தப் பதிவுக்குப் போய் டேக்கை எடுத்துவிடுங்கள்.

எங்க அம்மாயிக்கு பேஸ்புக்கே கிடையாது. `Hide People`ல பேரு அடிச்சா யாருமே வரலையே?

வராது. அந்த இடம் கணக்கு வைத்திருப்பவர்களை மட்டும்தான் அறியும். கூகுள் போட்டோஸ் முகத்தைப் பார்க்கிறது. பேஸ்புக்கோ தன் முகம் கண்டறியும் முறையை நிறுத்துவதாக 2021 நவம்பரில் அறிவித்து, சேர்த்து வைத்திருந்த நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிப்பதாகவும் சொன்னது. ஆக, டேக் இல்லாத அம்மாயி அதன் கண்ணுக்கு வெறும் படம்தான்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் நிறையப் பேர் இப்படித்தான், கணக்கு இல்லாமலே போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு `Hide Dates` ஒன்றே வழி. உங்கள் பழைய பதிவுகளில் இறந்த நாள், காரியத்து நாள், முதல் வருட அஞ்சலி போட்ட நாள் மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, மூன்றுக்கும் தனித்தனியாகத் தேதி கொடுங்கள். அஞ்சலிப் பதிவை வருடா வருடம் புதிதாகப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் அடுத்த வருடத்துக்கான ஒரு புது நினைவு. 2021ஐ மறைத்தாலும் 2023இல் போட்டது வரும்.

இறந்துபோன என் ஃபிரெண்டுக்கு இன்னிக்குப் பிறந்தநாள், வாழ்த்துச் சொல்லுங்கன்னு பேஸ்புக் சொல்லுதுங்க.

அந்தக் கணக்கின் சொந்தக்காரர் இல்லை என்பது அதற்கு இன்னும் தெரியாது. பேஸ்புக்கில் நினைவுக் கணக்காக மாற்றும் வசதி உண்டு. இறப்புக்கான ஆதாரத்தைக் கொடுத்து நண்பரோ குடும்பத்தாரோ விண்ணப்பிக்கலாம். மாற்றிய பிறகு பெயரோடு `Remembering` என்று வரும். பிறந்தநாள் நினைவூட்டலில் அந்தப் பெயர் வராது, "இவரை உங்களுக்குத் தெரியுமா" பட்டியலிலும் வராது. பதிவுகள் அப்படியே இருக்கும்.

ஒன்று மட்டும் முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். மாற்றியதும் அந்தக் கணக்குக்குள் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள்கூட நுழைய முடியாது. ஆகவே நண்பர் என்ற உரிமையில் நீங்களாக அவசரப்பட்டு விண்ணப்பிக்காமல் அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டார் விரும்பினால் கணக்கை மொத்தமாக நீக்கச் சொல்லியும் கேட்கலாம்.

எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஆனா போட்டோவெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வீடியோவா இன்னும் வருது.

அது போனோடு வந்த கேலரியின் வேலையாக இருக்கும். ஒரே போனில் இரண்டு ஆப் ஒரே படங்களைப் பார்க்கின்றன. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றுக்குத் தெரியாது. அறிவிப்பு வரும்போது அதை அழுத்திப் பிடித்தால் எந்த ஆப் அனுப்பியது என்று தெரியும். எதைத் தேடுவதற்கு முன்பும் இதைப் பார்த்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

சாம்சங் போனில் கேலரி செட்டிங்ஸில் `Auto create stories` இருக்கும். அதை அணைத்தால் புதிதாகச் செய்யாது, ஏற்கெனவே செய்து வைத்ததை நீங்களே நீக்க வேண்டும். வேறு கம்பெனி போன்களிலும் கேலரி செட்டிங்ஸுக்குள் தேடுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தனியாக `On this day` அனுப்பும். அதன் அறிவிப்புப் பகுதியில் நிறுத்தலாம்.

ஐபோன் வெச்சிருக்கவங்க?

அந்தப் படத்திலோ நினைவிலோ மெனுவைத் திறந்தால் ஓர் ஆளைக் குறைவாகக் காட்டச் சொல்லலாம், ஒருபோதும் காட்ட வேண்டாம் என்றும் சொல்லலாம். மொத்தமாக வேண்டாம் என்றால் போட்டோஸுக்கான செட்டிங்ஸில் `Show Featured Content`-ஐ அணையுங்கள். அங்கேயே `Reset Suggested Memories` என்று இருக்கும். அதைத் தெரியாமல் தொட்டுவிடாதீர்கள், நீங்கள் விலக்கி வைத்த நாட்களும் இடங்களும் திரும்ப வந்துவிடும்.

எனக்குப் பார்க்கணும்தாங்க. ஆனா வேலையில இருக்கும்போது பொசுக்குனு வந்து நிக்கக் கூடாது.

அப்படியானால் மறைக்க வேண்டாம், அறிவிப்பை மட்டும் நிறுத்துங்கள். பேஸ்புக்கில் மேலே சொன்ன `Notifications`-இல் `All Memories`, `Highlights`, `None` என்று மூன்று இருக்கும். `None` வையுங்கள். கூகுள் போட்டோஸிலும் செட்டிங்ஸில் `Notifications`-க்குள் நினைவுகளுக்கான அறிவிப்பைத் தனியாக அணைக்கலாம். முகப்புத் திரையில் படம் மாறி மாறிக் காட்டும் சதுரம் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அறிவிப்பை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண் இப்படித்தான் கேட்டார். மிஷின் ஓடுகிற நேரத்தில் அம்மா முகம் வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது, ராத்திரி வீட்டுக்குப் போய் நானே எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு ஒரு தேதியும் மறைக்கவில்லை.

பேசாம எல்லாத்தையும் அழிச்சுட்டா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அழித்துவிட்டு ஆறு மாதம் கழித்து மீட்டுத் தர முடியுமா என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். அதற்குப் பிறகு கைவிட வேண்டியதுதான்.

கண்ணிலேயே படக் கூடாத படம் என்றால் `Locked Folder`-க்குள் போடுங்கள். உள்ளே போன படம் நினைவுகளிலும் வராது, தேடினாலும் வராது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பேக்கப் தனியாக ஓட வேண்டும். அது ஓடாமல் போனை ரீசெட் செய்தாலோ ஆப்பை நீக்கினாலோ உள்ளே இருந்தது போனதுதான். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இந்தப் பெட்டியில் படம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனிமேல் வர்ற படமாவது இப்படிச் சேராம இருக்க என்ன பண்ணலாம்?

வாட்ஸ்அப்பில் `Settings`, `Chats`, அதில் `Media visibility`. அணைத்தால் இனி வரும் படங்கள் கேலரிக்குள் வராது, வாட்ஸ்அப்புக்குள் மட்டும் இருக்கும். முன்பு வந்தவற்றை இது தொடாது. எல்லாக் குரூப்புக்கும் வேண்டாம் என்றால் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு மட்டும் அதன் உள்ளே போய் அணைக்கலாம். கூகுள் போட்டோஸின் பேக்கப் பகுதியில் வாட்ஸ்அப் ஃபோல்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். துக்க வீடு நடக்கும்போதே வீட்டில் இருக்கும் சின்னவர் யாராவது இதைச் செய்து வைத்துவிட்டால், அடுத்த வருடம் பெரியவர்களுக்கு அந்தத் திடுக்கிடல் இருக்காது.

தெவசம் ஒரு நாள் வருது, போன் இன்னொரு நாள் காட்டுது. எந்த நாளை மறைக்கறது?

போனுக்குத் திதி தெரியாது, இங்கிலீஷ் தேதி மட்டும்தான். அட்சய திருதியையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் மே 14, 2022இல் மே 3. பண்ணாரி குண்டம் மிதித்த படமும் அடுத்த பங்குனியில் குண்டத்தன்றே வருவதில்லை. அதே போல, வீட்டில் திதி கொடுத்து மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்போது பத்து நாள் கழித்து இங்கிலீஷ் தேதிக்குப் போன் ஒரு முறை காட்டும்.

மறைக்க வேண்டியது படத்தில் இருக்கும் தேதியை. நடந்தது 2021 மே 22 என்றால் அந்தத் தேதியைத்தான் கொடுக்க வேண்டும், இந்த வருடம் திதி வரும் நாளை அல்ல. இங்கே நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வரப்போகும் நாளை மறைப்பதாக நினைத்து இந்த வருடத்துத் தேதியைப் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று வருவார்கள். கேட்பது பழைய நாள்.

என் போன்ல சரி பண்ணிட்டேன். எங்க அம்மா போன்ல?

அதில் தனியாகத்தான் செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் மறைத்தது உங்களுக்கு மட்டும். அண்ணன் தன் நினைவை எடுத்து மறுபடி போட்டால் அது உங்கள் கண்ணிலும் படும். அப்போது அந்தப் பதிவை மறைக்கலாம், இல்லையென்றால் பேஸ்புக்கில் அவரை `Snooze` செய்தால் 30 நாள் அவர் பதிவு வராது, அவருக்கும் தெரியாது.

அம்மா போனை எடுப்பதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். எங்கள் வீட்டில் நான் கேட்காமல் அம்மாவின் போனில் அப்பா இறந்த மாதத்தை மறைத்துவிட்டேன். அடுத்த வருடம் அந்த நாள் காலையில் அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் ஆனதும், "ஏன் கண்ணு, இன்னிக்கு உங்கப்பா வரலையே?" என்றார். உட்கார்ந்து அந்தத் தேதி வரம்பை எடுத்துவிட்டேன்.